மரியாதையற்ற பையர் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது எப்படி?

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு பையர் மிகவும் கேவலமாக மின்னஞ்சல் அனுப்புகிறார். பதிலுக்குச் சூடாக எழுதினால் ஆர்டர் போய்விடும், பணிந்து எழுதினால் கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டி வருகிறது. நீங்கள் எப்படிப் பதில் எழுதுவீர்கள்?

பதில்:

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியில் பதினோரு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட, எனக்கு வந்த ஒரு மின்னஞ்சலையும் அதற்கு நான் எழுதிய பதிலையும் முழுவதுமாகச் சொல்வதே பயன்படும் என்று நினைக்கிறேன். பையரின் பெயரும் நாடும் இங்கே தேவையில்லை.

ஆர்டர் 8,000 அரைக்கை டி-ஷர்ட்கள். எஃப்ஓபி விலை 3.20 டாலர் வீதம் மொத்தம் 25,600 டாலர். ஏப்ரல் 25-ஆம் தேதி சரக்கு தொழிற்சாலையை விட்டுப் புறப்பட வேண்டும் என்று டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டரில் போட்டிருந்தோம். அது மே 8-க்குத் தள்ளிப்போனது. ஏப்ரல் 23 மாலை ஏழு மணிக்கு, எங்கள் முதலாளிக்கும் பையருடைய மேலதிகாரிக்கும் நகல் வைத்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் சாரம் இது: "உங்கள் ஆட்களுக்கு எண்ணவும் தெரியவில்லை, உண்மை பேசவும் தெரியவில்லை. மூன்று வாரம் எங்களை ஏமாற்றியிருக்கிறீர்கள். 20 சதவீதத் தள்ளுபடி தாருங்கள், இல்லையேல் முழுச் சரக்கையும் உங்கள் செலவில் விமானத்தில் அனுப்புங்கள். நாளைக் காலை பத்து மணிக்குள் சம்மதம் வராவிட்டால் ஆர்டர் ரத்து."

இத்தகைய மடல் வந்தவுடன் கை தானாகவே பதில் பொத்தானுக்குப் போகும். அன்றும் போனது. என்னுடைய பழக்கம், பெறுநர் முகவரி இல்லாத தனிக் கோப்பில்தான் எதையும் எழுதத் தொடங்குவது. தவறி அனுப்பிவிடும் பயம் அப்போது இருக்காது. ஆனால் பையர் கெடு வைத்திருந்ததால் அன்றிரவே இரண்டு வரி மட்டும் அனுப்பினேன்: "உங்கள் மடல் கிடைத்தது. தேதிகளைச் சரிபார்த்து, நாளை மாலை நான்கு மணிக்குள் முழுப் பதில் அனுப்புகிறேன்." அவர் சொன்ன பத்து மணியை நான் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, என்னால் காப்பாற்ற முடிந்த ஒரு நேரத்தைச் சொன்னேன். மௌனமாக இருந்திருந்தால், பத்து மணிக்கு மேல் இதைவிடக் கடுமையான இன்னொரு மடல் வந்திருக்கும்.

மறுநாள் காலை அந்த மடலை அச்செடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் பிரித்தேன். அதில் மூன்று வகைச் சங்கதிகள் இருந்தன. தேதியைப் பற்றிய குற்றச்சாட்டு ஒன்று, பணத்தைப் பற்றிய கோரிக்கை ஒன்று, மீதி வெறும் வசவு. குற்றச்சாட்டுக்கு ஆதாரத்தோடு பதில் வேண்டும். கோரிக்கைக்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு வரி வேண்டும். வசவுக்குப் பதிலே கிடையாது. "இப்படிப் பேசுவது வருத்தமளிக்கிறது" என்றுகூட எழுதக் கூடாது, ஏனென்றால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அடுத்த மூன்று மடல்கள் தொனியைப் பற்றியே போகும், சரக்கைப் பற்றிப் பேச்சே இருக்காது.

பிறகு பழைய மடல்களைத் தேதிவாரியாக எடுத்தேன். நிறத்துக்கு ஒப்புதல் வாங்க அனுப்பும் சாய மாதிரியான லேப் டிப் மார்ச் 3-இல் அவர்களிடம் சேர்ந்திருந்தது. காலண்டர்படி மார்ச் 8-க்குள் வர வேண்டிய ஒப்புதல் மார்ச் 17-இல்தான் வந்தது. மறுநாளே, இந்த 9 நாளால் புறப்படும் தேதி மே 4 ஆகும் என்று நான் எழுதியிருக்கிறேன். அதற்கு ஆட்சேபம் ஏதும் வரவில்லை. அதுவரை எங்கள் பக்கம் பலமாக இருந்தது. ஆனால் ஏப்ரல் 6-இல் சாயப்பட்டறையிலிருந்து வந்த ஒரு லாட், ஏற்கத்தக்க நிற வரம்பைக் காட்டும் ஷேட் பேண்டோடு ஒத்துப்போகாமல் திரும்பச் சாயம் ஏற்றப்பட்டது. அதில் மேலும் 4 நாள் போயிற்று. இதை நாங்கள் பையருக்குச் சொல்லவே இல்லை. ஏப்ரல் 22-இல் அவராகக் கேட்டபோதுதான் மே 8 என்று சொன்னோம். எங்கேயாவது பிடித்துவிடலாம் என்று தயாரிப்புப் பிரிவு சொன்னதை நான் நம்பினேன். இது என் தவறு.

இந்தக் கண்டுபிடிப்புதான் பதிலின் அச்சாக அமைந்தது. கோபமான மடலில் பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டு உண்மையாக இருக்கும், அது மிகைப்படுத்தப்பட்டு, தவறான எண்ணோடு வரும். "மூன்று வாரம் ஏமாற்றினீர்கள்" என்பதில் மூன்று வாரம் தவறு, ஏமாற்றும் நோக்கம் என்பதும் தவறு; ஆனால் 16 நாள் ஒரு செய்தியை மறைத்தது உண்மை. அந்த ஒன்றைத் தெளிவாக ஒப்புக்கொண்டால் மற்றவற்றை மறுப்பதற்கு நமக்கு வாய் இருக்கும். ஒப்புக்கொள்ளாமல் லேப் டிப் தாமதத்தை மட்டும் காட்டினால், அவர் நம் மறைப்பை மட்டும் காட்டுவார். இரண்டும் மோதிக்கொண்டே இருக்கும்.

மன்னிப்பு கேட்பதில் ஒரு கவனம் வேண்டும். "ஏற்பட்ட எல்லாச் சிரமங்களுக்கும் மன்னிக்கவும்" என்று நம்மில் பலர் பழக்கத்தால் எழுதிவிடுகிறோம். எந்தச் சிரமம், யாரால் என்று அதில் இல்லை. நாளை பணத்தைப் பிடித்துக்கொள்வதாக டெபிட் நோட் வரும்போது, முழுத் தாமதத்துக்கும் பொறுப்பேற்றதற்கு எழுத்துச் சான்றாக அதே வரி இணைக்கப்பட்டு வரும். ஆகவே எந்தச் செயலுக்காக வருந்துகிறோமோ அதன் பெயரையும் தேதியையும் சொல்லி, அதோடு நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது கணக்கு. எவ்வளவு கொடுக்கலாம் என்பதை எழுத உட்காரும் முன்பே முதலாளியிடம் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். எழுதும்போது முடிவெடுத்தால் பயம்தான் தொகையை நிர்ணயிக்கும். 20 சதவீதம் என்றால் 5,120 டாலர். முழுச் சரக்கும் விமானத்தில் என்றால், பெட்டியோடு உருப்படிக்குச் சுமார் 220 கிராம் வீதம் 1,760 கிலோ. அன்று எங்களுக்குக் கிடைத்த கட்டணம் கிலோவுக்கு 3.50 டாலர், ஆக 6,160 டாலர். அந்த ஆர்டரில் எங்களுக்கு நிற்பதே 2,000 டாலருக்குள். இரண்டும் நடக்காத காரியம். ஆனால் பையருடைய உண்மையான தேவை என்ன என்று பார்த்தால், ஜூன் 1-இல் கடைகளில் வரிசை காலியாக இருக்கக் கூடாது; தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போனால் ஒரு வாரம் பிந்தும். அந்த ஒரு வாரத்துக்கு 2,000 உருப்படி விமானத்தில் போனால் போதும். அது 440 கிலோ, 1,540 டாலர். பாதியை நாங்கள் ஏற்கலாம் என்று முதலாளி சொன்னார். மொத்தம் 13 நாளில் எங்கள் பங்கு 4 நாள்தான். நாள் கணக்குப் பார்த்தால் பாதி என்பது அதிகம். அந்த அதிகம் நாங்கள் மறைத்ததற்கு.

அனுப்பிய பதில், தமிழில்:

"வணக்கம். சாயம் ஏற்றிய ஒரு லாட் நிறம் சேராததால் ஏப்ரல் 6-இல் மறுபடி சாயம் ஏற்றப்பட்டது. இதனால் 4 நாள் கூடியது. இதை அன்றே உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். ஏப்ரல் 22 வரை தெரிவிக்காததற்கு வருந்துகிறேன்.

மீதி 9 நாள், மார்ச் 8-இல் வர வேண்டிய லேப் டிப் ஒப்புதல் மார்ச் 17-இல் கிடைத்ததால் ஏற்பட்டது. புறப்படும் தேதி மே 4 ஆகும் என்று மார்ச் 18-இல் எழுதிய மடலை இணைத்துள்ளேன்.

20 சதவீதத் தள்ளுபடிக்கும், முழுச் சரக்கை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்புவதற்கும் எங்களால் சம்மதிக்க இயலாது.

ஜூன் 1-இல் கடைகளில் சரக்கு இருப்பதற்காக, 2,000 உருப்படிகளை விமானத்தில் அனுப்பி அந்தச் செலவில் பாதியை நாங்கள் ஏற்கிறோம். மீதி 6,000 மே 8-இல் கப்பலுக்குப் புறப்படும். எந்த அளவுகளில் எத்தனை உருப்படிகள் விமானத்தில் வர வேண்டும் என்பதை ஏப்ரல் 27-க்குள் தெரிவித்தால் தனியாகப் பெட்டி கட்டிவிடுவோம்."

சில இடங்களில் நான் வேண்டுமென்றே செய்ததைச் சொல்கிறேன். மறுப்பு வரியில் காரணம் சொல்லவில்லை. "எங்கள் லாபம் மிகக் குறைவு, தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்" என்று எழுதினால் அது கெஞ்சலாகிவிடும். அதோடு, சொன்ன காரணம் ஒவ்வொன்றும் பேரம் பேச ஒரு கதவைத் திறக்கும். மறுப்புக்கு அடுத்த பத்தியிலேயே நம்மால் முடிந்தது வந்துவிட வேண்டும், இல்லையெனில் படிப்பவர் மறுப்போடு நின்றுவிடுவார். கடைசி வரியில் அவர் செய்ய வேண்டிய ஒரு சிறு வேலையை, தேதியோடு வைத்தேன். அளவுப் பட்டியலை அவர் அனுப்பினால் பேச்சு சண்டையிலிருந்து சரக்குக்குத் திரும்பிவிடும். முதல் வரைவில் "ஏற்கெனவே தெரிவித்தபடி" என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். பார்க்கப் பணிவாக இருந்தாலும் "உனக்குப் படிக்கத் தெரியாதா" என்பதுதான் அதன் பொருள், எந்தப் பையருக்கும் அது புரியும். அதை நீக்கிவிட்டு மடலை இணைத்தேன், தேதி பேசிக்கொள்ளும். நகலில் அவர் வைத்த அதே இருவரை மட்டும் வைத்தேன். ஒருவரை நீக்கினால் பயம், ஒருவரைச் சேர்த்தால் சண்டைக்கு ஆள் திரட்டல்.

மடல் போன அரை மணி நேரத்தில் தொலைபேசியிலும் அழைத்தேன். மடலில் உள்ளதற்கு மேல் எதுவும் பேசுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டுதான் அழைத்தேன். அவர் ஐந்து நிமிடம் சத்தம் போட்டார், கேட்டுக்கொண்டேன். பத்து சதவீதமாவது கொடுங்கள் என்றார். மடலில் சொன்னதுதான் எங்களால் முடிந்தது என்றேன். இந்த இடத்தில் ஐந்து சதவீதம் என்று வாய் தவறினால், அடுத்த ஆர்டரிலும் இதே தொனியில் மடல் வரும், ஏனென்றால் அது வேலை செய்கிறது என்று நாமே கற்றுக்கொடுத்துவிடுகிறோம். பேசி முடித்தபின், பேசியதை இரண்டு வரியில் மடலாக அனுப்பினேன்.

இது எல்லா இடத்திலும் செல்லாது. உங்கள் பக்கம் எழுத்துச் சான்று இல்லையென்றால் தேதிகளை உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போது முதலில் தொலைபேசியில் பேசுவதே நல்லது. வசவு சாதி, நிறம், பெண் என்பது போன்ற இடங்களுக்குப் போனால் அதை மெர்ச்சண்டைசர் கையாளக் கூடாது. முதலாளி தன் பெயரில், சரக்குப் பேச்சிலிருந்து பிரித்து, தனி மடலாக எழுத வேண்டும். அதை எழுத மறுக்கும் முதலாளியிடம் எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 26-இல் அளவுப் பட்டியல் வந்தது. மன்னிப்பு எதுவும் அதில் இல்லை, வணக்கம்கூட இல்லை: மீடியம் 800, லார்ஜ் 800, எக்ஸ்எல் 400, அவ்வளவுதான். அன்றே பேக்கிங் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன்.