வலியும் ரத்தசோகையும் ஒன்றாக வந்தால்: வடசென்னை மருத்துவர் பதில்கள்

மேடம், இரண்டாவது கருத்து வேண்டி எழுதுகிறேன். வியாசர்பாடி, 32 வயது ஆண், பழைய இரும்புக் கடையில் வேலை. மூன்று வாரமாக விட்டு விட்டு முறுக்கும் வயிற்று வலி, மலச்சிக்கல். அல்ட்ராசவுண்ட், சிடி, லைபேஸ் எல்லாம் நார்மல். ஹீமோகுளோபின் 8.6, பெரிட்டின் நார்மல், மலத்தில் ரத்தம் இல்லை. பிபி 150/100. சர்ஜரி பக்கம் லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்கலாம் என்கிறார்கள். எதை விட்டுவிட்டேன்? (பயிற்சி மருத்துவர்)

தம்பி, நல்ல மெயில். நோயாளியின் பெயரையும் ஐபி எண்ணையும் எழுதாமல் விட்டதும் சரி. எனக்கு வேண்டிய விவரம் "பழைய இரும்புக் கடை" என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அங்கே அவர் கையால் என்ன செய்கிறார்? எடை போடுகிறாரா, வண்டியில் ஏற்றுகிறாரா, பேட்டரி உடைக்கிறாரா, தகட்டை உருக்குகிறாரா? நம் பகுதியில் இதைக் கேட்காமல் வயிற்று வலியைப் பார்த்து முடிக்கக் கூடாது.

ரத்தம் எங்கும் கசியவில்லை, இரும்புச் சத்தும் குறையவில்லை, ஆனாலும் ரத்தசோகை. அதோடு முறுக்கு வலி, மலச்சிக்கல், இந்த வயதில் ஏறிய பிபி. எனக்கு முதலில் தோன்றுவது ஈய நஞ்சு.

மறுபடி படுக்கைக்குப் போங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதும் வயிறு மெத்தென்று இருக்கிறதா? அழுத்தினால் இதமாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். ஈறின் ஓரத்தில் நீலக் கோடு தெரிகிறதா பாருங்கள். பல் சுத்தமாக இருப்பவருக்கு அது வராமலும் போகலாம், அதனால் இல்லை என்றாலும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி மணிக்கட்டைத் தூக்கச் சொல்லுங்கள்; ஈயம் நரம்பைத் தாக்கியிருந்தால் அது தொங்கும்.

அப்புறம் ரத்தத்தில் ஈய அளவு. சீரம் அனுப்பினால் பயன் இல்லை, ஈயம் பெரும்பாலும் சிவப்பணுவில்தான் இருக்கும்; முழு ரத்தம் வேண்டும். எந்தக் குழாயில் எடுக்க வேண்டும் என்று லேபில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி குத்தும் முன் அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வையுங்கள். தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். வயிறு இறுகாமல், காய்ச்சல் இல்லாமல் இருக்கும்வரை லேப்ராஸ்கோப்பியைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

மேடம், ஸ்மியரில் சிவப்பணுவுக்குள் நீலப் புள்ளி தெரியவில்லை. அப்படியானால் ஈயம் இல்லை என்று எழுதலாமா? (லேப் டெக்னீசியன்)

எழுதாதீர்கள். இடிடிஏ குழாயில் ரத்தம் சில மணி நேரம் நின்றாலே அந்தப் புள்ளிகள் மறையக்கூடும். விரல் நுனியில் குத்தி, அங்கேயே ஸ்லைடு போட்டுப் பாருங்கள். புள்ளி இருந்தாலும் அது ஈயம்தான் என்று ஆகிவிடாது, தலசீமியாவிலும் வரும். சந்தேகத்தைக் கூட்டும் குறிப்பு, அவ்வளவுதான்.

போர்ஃபிரியாவும் இப்படித்தானே வரும்? வலி, மலச்சிக்கல், பிபி, நரம்புத் தளர்ச்சி. சிறுநீரில் ஏஎல்ஏ கூடியிருந்தால் போர்ஃபிரியா என்று உறுதி செய்துவிடலாமே? (முதுநிலை மாணவி)

நினைத்தது சரி, உறுதி செய்வதுதான் சரியில்லை. ரத்தத்தின் சிவப்பு நிறமி உருவாகும் வழியில் வரும் பொருள் ஏஎல்ஏ; போர்ஃபிரியா, ஈய நஞ்சு இரண்டிலும் அது கூடும். ஏஎல்ஏவை அடுத்த பொருளான பிபிஜி ஆக்கும் நொதியை ஈயம் முடக்குகிறது. அதனால் ஏஎல்ஏ தேங்கும், பிபிஜி பெரிதாக ஏறாது. கடுமையான இடைவிட்ட போர்ஃபிரியாவின் தாக்குதலில் பிபிஜியே பல மடங்கு ஏறி நிற்கும். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தப் போர்ஃபிரியாவில் ரத்தசோகையும் வழக்கமில்லை, இந்த நோயாளிக்கு இருக்கிறது.

மேடம், ரிசல்ட் வந்துவிட்டது: டெசிலிட்டருக்கு 92 மைக்ரோகிராம். பேட்டரி உடைத்து, தகட்டை உருக்குகிறாராம். சாப்பாடும் அந்தக் கொட்டகையிலேயே. வலது மணிக்கட்டு லேசாகத் தொங்குகிறது. மருந்து தொடங்கலாமா? (அதே பயிற்சி மருத்துவர்)

தொடங்கலாம், ஆனால் அவர் கொட்டகைக்குத் திரும்பப் போவதில்லை என்பது முதலில் முடிவாக வேண்டும். மருந்து ஒரு பக்கம் ஈயத்தை வெளியேற்ற, மறுபக்கம் தூசியை விழுங்கிக்கொண்டிருந்தால் பலன் இல்லை, கெடுதலும் வரலாம்.

இன்றிரவே ஒன்றைப் பாருங்கள்: கடும் தலைவலி, ஓயாத வாந்தி, பேச்சில் குழப்பம், வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம், ஐசியூவுக்கு மாற்றி ஊசி மருந்துதான். அந்த மருந்தை எழுதும்போது கால்சியம் டைசோடியம் எடிடேட் என்று முழுப் பெயரையும் எழுதுங்கள். கால்சியம் என்ற சொல் விட்டுப்போய் வெறும் டைசோடியம் எடிடேட் ஏறிவிட்டால், ரத்தத்தில் கால்சியம் சரிந்து உயிரே போகலாம். மருந்தகத்திலிருந்து வந்த குப்பியை நீங்களே வாங்கிப் படித்துவிட்டுப் போடுங்கள்.

அந்த அறிகுறிகள் இல்லையென்றால், ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் சக்சிமர் வாய்வழியாக. கிலோவுக்கு 10 மில்லிகிராம், முதல் 5 நாள் தினம் மூன்று வேளை, பிறகு 14 நாள் இரண்டு வேளை. இவர் 60 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம். ரத்த அணுக்களையும் கல்லீரலையும் இடையில் பாருங்கள். சக்சிமர் கிடைக்காமல் பெனிசிலமைனுக்குப் போனால் சிறுநீரகத்தையும் தோலையும் கூடவே கவனிக்க வேண்டும்.

கோர்ஸ் முடிந்ததும் அளவு இறங்கும், பிறகு மறுபடி ஏறும். அதைப் பார்த்து அவர் ஒளிந்து வேலைக்குப் போனார் என்று உடனே சந்தேகப்பட வேண்டாம். எலும்பில் வருடக்கணக்காகச் சேர்ந்த ஈயம் ரத்தத்துக்கு இறங்கி வரும். கோர்ஸ் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி எடுத்து, அடுத்த கோர்ஸ் வேண்டுமா என்று பார்ப்போம். மணிக்கட்டு தேற மாதக்கணக்கில் ஆகலாம். முழுதாகத் திரும்பும் என்று அவருக்கு இப்போதே வாக்குக் கொடுக்காதீர்கள்.

டாக்டரம்மா, என் வீட்டுக்காரரும் பேட்டரி உடைக்கிற வேலைதான். பொண்ணுக்கு 4 வயசு, நல்லாத்தான் விளையாடுறா. தினம் பால் குடிச்சா ஈயம் இறங்கிடும்னு முதலாளி சொல்றாரு. சரியா? (கொடுங்கையூரிலிருந்து ஒரு அம்மா)

பாதிதான் சரி, அம்மா. கால்சியமும் இரும்புச் சத்தும் போதுமான அளவு இருந்தால் குடல் ஈயத்தைக் குறைவாக உறிஞ்சும். உடம்பில் ஏற்கனவே சேர்ந்ததைப் பால் இறக்காது.

பொண்ணு நன்றாக விளையாடுகிறாள் என்பதை வைத்து விட்டுவிடாதீர்கள். குழந்தைகளிடம் வெளியே ஒன்றும் தெரியாமலே படிப்பிலும் கவனத்திலும் பாதிப்பு வரும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 45ஐத் தொட்டால் குழந்தைக்கு மருந்தே கொடுக்க வேண்டிவரும்.

வீட்டுக்கு வருவது பெரும்பாலும் அவர் சட்டையிலும் செருப்பிலும் தலைமுடியிலும்தான். அங்கேயே குளித்து உடை மாற்றிவிட்டு வரட்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத் துணியால் துடையுங்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் உங்களுக்கும் பரிசோதனை வேண்டும், எனக்குத் தெரிவியுங்கள்.

எனக்கும் ஆறு மாதமாக மலச்சிக்கல், கேஸ். பேங்க் வேலை. ஈய டெஸ்ட் எடுத்துவிடட்டுமா?

தேவை இருக்காது. உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எதாவது தொடர்ந்து சாப்பிடுகிறீர்களா? ஆம் என்றால் டப்பாவோடு வாருங்கள். இல்லையென்றால் வழக்கமான பரிசோதனை போதும். எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

மேடம், வலி குறைந்துவிட்டது, டிஸ்சார்ஜ் கேட்கிறார். வேலைக்குப் போகாவிட்டால் வீட்டு வாடகைக்கு வழியில்லை என்கிறார். என்ன சொல்வது? (அதே பயிற்சி மருத்துவர்)

மருந்து எழுதித் தீர்க்கிற விஷயம் இல்லை இது, என்னிடமும் முழுப் பதில் இல்லை. ஈய நஞ்சு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் முதலில் இருந்தது. பெயர்ப்பலகை இல்லாத கொட்டகை என்றாலும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குக் கடிதம் எழுதுவோம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதனால் கொட்டகையை மூடினால் அவரோடு மற்றவர்களின் கூலியும் போகும். அதை அவரிடம் மறைக்காமல் பேசிவிட்டு எழுதுங்கள்.

எடை போடும் வேலைக்கு, உருக்கும் இடத்திலிருந்து தள்ளி, மாற்ற முடியுமா என்று முதலாளியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மருத்துவ சமூகப் பணியாளரையும் இன்றே வரச் சொல்லுங்கள். நோயாளியோடு அந்தக் கொட்டகையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டு, ஒவ்வொருவரையும் ரத்தம் கொடுக்க வரவையுங்கள். மனைவி, பிள்ளைகளுக்கு டிஸ்சார்ஜுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.