பிஸ்கட் ரின்னில் மிஞ்சிய குளிசைகள்

கேள்வி: 78 வயதான எங்கள் அம்மா கோண்டாவிலில் தனியாக இருக்கிறார். பக்கத்து வளவில் சின்னம்மா குடும்பம். பிரஷருக்கும் சலரோகத்துக்கும் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். ஓட்டோக்காரத் தம்பிதான் கூட்டிச் செல்வார். கொழும்பில் நான், வவுனியாவில் தங்கை, ரொறன்ரோவில் தம்பி. மருந்து நேரங்களையும் கிளினிக் திகதிகளையும் அட்டவணையாக்கி, மூவரும் முறை வைத்துத் தொலைபேசியில் கேட்டு அடையாளமிடுகிறோம். சென்ற மாதம் தங்கை வந்து நின்று தன் கையாலேயே மருந்து கொடுத்தாள். நான்காம் நாள் அம்மா தலைசுற்றி விழுந்துவிட்டார். நீ அட்டவணையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னதற்கு அவள் இப்போது என்னுடன் பேசுவதில்லை. மிஞ்சும் குளிசைகளால் ஒரு பிஸ்கட் ரின் நிறைந்துவிட்டது, அதையும் அம்மா எறிய விடுகிறார் இல்லை. அட்டவணையை எப்படித் திருத்தலாம்?
— மூத்த மகன், வெள்ளவத்தை

பதில்: அந்த ரின்னை யாரும் எறிந்துவிடாதீர்கள். அம்மா எந்த மருந்தை எவ்வளவு குடித்தார் என்பதற்கு உங்கள் குடும்பத்தில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். கிளினிக்கில் 28 நாட்களுக்கென்று எண்ணித் தரும் குளிசைகளில், திகதி முன்பின்னாகும்போது நாலைந்து மிஞ்சலாம். ஒரு ரின் நிறைய மிஞ்சாது. அதை எப்படித் துப்புரவாக்குவது என்ற யோசனையோடு எழுதியிருக்கிறீர்களே தவிர, அது ஏன் நிறைந்தது என்று மூன்று பிள்ளைகளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உங்கள் அட்டவணையில் விழுந்திருக்கும் அடையாளங்கள் எவற்றுக்கானவை என்று யோசித்துப் பாருங்கள். “அம்மா, குளிசை போட்டாச்சோ?” என்று கேட்கிறீர்கள், தூரத்தில் இருக்கும் பிள்ளை கவலைப்படக் கூடாதென்று அவர் “ஓம் ராசா” என்கிறார், நீங்கள் அடையாளமிடுகிறீர்கள். அம்மாவுடன் பேசினீர்கள் என்பதற்குமேல் அந்த அடையாளம் எதையும் காட்டாது.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை ஒரு கணக்கால் சொல்கிறேன். பிரஷருக்கு லோசாட்டன் 50 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று என்று தொடங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அதை இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் போடுகிறார். கிளினிக்கில் அளந்தபோது பிரஷர் குறையவில்லை. எதிரே இருக்கும் மருத்துவருக்கு ரின்னைப் பற்றித் தெரியாது; ஒன்று போதவில்லை என்று முடிவுசெய்து, காலை ஒன்று, இரவு ஒன்று என்று கூட்டிக் கொப்பியில் எழுதுகிறார். இப்போது மாதத்துக்கு 56 குளிசைகள் கிடைக்கின்றன. மாத முடிவில் 26 மிஞ்சுகின்றன. அப்படியென்றால் அவர் குடித்தவை 30, நாளுக்கு ஏறக்குறைய ஒன்று. கொப்பியில் இரண்டு இருந்தாலும், உடல் பழகியிருப்பது ஒன்றுக்குத்தான். இந்த நிலையில் அக்கறையுள்ள ஒரு மகள் வந்து, கொப்பியில் உள்ளபடி காலையும் இரவும் தவறாமல் கையில் கொடுக்கிறாள். அம்மாவின் உடலுக்கு அது ஒரே நாளில் மருந்து இருமடங்காவதற்குச் சமம். பிரஷர் தாழ்ந்து, நாலைந்து நாளில் படுக்கையை விட்டு எழும்பும்போது கண் இருட்டி விழுவது, நான் பல குடும்பங்களில் கேட்டறிந்த கதை.

சலரோகக் குளிசை கிளிக்கிளசைட் வகையாக இருந்தால் இது இன்னும் கடுமையானது. வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்கவைத்துச் சீனியை இறக்கும். வெள்ளிக்கிழமை விரதத்திலும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் ஒரு நேரம் மட்டும் சாப்பிடும் தாய்மார் பலர், அந்தக் குளிசை போட்டால் கை நடுங்கி வியர்க்கிறதென்று கண்டு, தாமாகவே விட்டுவிடுகிறார்கள். உங்கள் அம்மாவின் ரின்னிலும் அப்படி ஒரு காரணம் இருக்கக்கூடும். அதைக் குற்றமாகப் பேசினால் அடுத்த முறை குளிசைகளை ரின்னிலும் வைக்காமல் கிணற்றடியில் கொட்டிவிடுவார். பிறகு உங்களுக்கு எதுவும் தெரியவராது.

ஆகவே, உங்கள் தங்கை அட்டவணையைப் பின்பற்றாததால் அம்மா விழுந்தார் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் வீட்டில் அதை முதன்முதலாக முழுமையாகப் பின்பற்றியவள் அவளாகவே இருக்க வேண்டும். மூவரில் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்ற ஒருத்தியை, வெள்ளவத்தையில் இருந்துகொண்டு குற்றவாளியாக்கியிருக்கிறீர்கள். மூத்தவர் என்பதற்காக அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். வேறு எதையும் தொடங்குமுன் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

அடுத்து, இந்தக் கிழமையே ஒருவர் கோண்டாவிலுக்குப் போக வேண்டும். சின்னம்மாவையும் அருகில் இருத்தி, ரின்னைப் பாயில் கொட்டி, அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து வகை வகையாகப் பிரித்து எண்ணுங்கள். அட்டையிலிருந்து பிரித்தவற்றை உருவத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். வாங்கும் கம்பனி மாறும்போது ஒரே மருந்து வேறு நிறத்திலும் வடிவத்திலும் வரும். அவற்றைத் தனி உறையில் இடுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் கொப்பியில் உள்ள அளவு, கிடைத்த எண்ணிக்கை, மிஞ்சிய எண்ணிக்கை என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்தக் குளிசையை எந்த நாட்களில் விடுகிறார், போட்டால் என்ன செய்கிறது என்று அம்மாவிடமும் ஆறுதலாகக் கேட்டு அதன் கீழே எழுதுங்கள். அந்தத் தாளையும் கொப்பியையும் ரின்னையும் எடுத்துக்கொண்டு, அடுத்த திகதி வரை காத்திராமல் அம்மாவுடன் மருத்துவரிடம் போய், “கொப்பியில் இருப்பது இது, அம்மா குடித்தது இது, முழுதாகக் கொடுத்த நான்காம் நாள் விழுந்தார்” என்று சொல்லுங்கள். இருக்கும்போது ஒருமுறையும், எழும்பி நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பிரஷரை அளக்கும்படி கேளுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்குமேல் இறங்கினால் விழுந்த காரணம் பெரும்பாலும் விளங்கிவிடும். அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ அவருடைய முடிவு. மூவரும் தொலைபேசியில் கூடி அதைத் தீர்மானிக்கக் கூடாது. விரத நாளில் எந்தக் குளிசையை எப்படி எடுப்பது என்பதையும் அன்றே கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள்.

இதற்கிடையில் அம்மா வியர்த்து நடுங்கினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, சின்னம்மா வீட்டார் சீனியை அளந்து பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால், அல்லது அளக்கும் கருவி கையில் இல்லாவிட்டால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கட்டும். விழுங்க முடியாத நிலையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

அட்டவணையில் திருத்த வேண்டியது ஒன்றுதான். ‘குடித்தாரா’ என்ற நிரலை அழித்துவிட்டு ‘மிஞ்சியது எத்தனை’ என்று எழுதுங்கள். ஏழு நாள் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்து, ஞாயிறுதோறும் அதை நிரப்பி, முந்திய கிழமையின் மிச்சத்தை எண்ணிச் சொல்லும்படி சின்னம்மாவின் பிள்ளைகளில் ஒருவரைக் கேளுங்கள். உறவு என்பதற்காகச் சும்மா செய்விக்காமல், அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைத் தம்பி ரொறன்ரோவிலிருந்து செய்யட்டும்.

ஓட்டோக்காரத் தம்பியைக் குறை சொல்லமாட்டேன். அவர் வாசலில் இறக்கிவிட்டுக் காத்திருப்பார், உள்ளே மருத்துவர் “மருந்து ஒழுங்காகக் குடிக்கிறீர்களா அம்மா?” என்று கேட்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள் பெற்ற பிள்ளைகள். எல்லா மாதமும் வர முடியாதென்பதை ஏற்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு கிளினிக் திகதிக்காவது நீங்களோ தங்கையோ வந்து அந்தக் கதிரையில் இருங்கள். போயா விடுமுறையில் திகதி மாறுவதுண்டு என்பதால், கொப்பியில் எழுதிய நாளைச் சின்னம்மா வீட்டாரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு இரவு பஸ்ஸில் இடம் பதியுங்கள். முதல் முறை நீங்களே வாருங்கள்.