எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்கு மட்டும் புரியவில்லை

கேள்வி: "சில நாட்களாக என் ஃபீடில் ஒரே வாக்கியத்தை வைத்து எல்லோரும் நகைச்சுவை செய்கிறார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உலகத்துக்கே தெரிந்தது எனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது?"

பதில்:

உலகத்துக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. யாருடைய ஃபீடில் எந்தப் பதிவு வரவேண்டும் என்று தீர்மானிக்கும் பரிந்துரை அமைப்புகளோடு வேலை செய்பவன் என்ற முறையிலும், இதே குழப்பத்தில் ஒரு வாரம் தவித்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன்.

எனக்கு நேர்ந்தது இதுதான். எந்தப் பதிவின் கீழே பார்த்தாலும் "கதவைச் சாத்தினாயா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள், அதற்கு நூற்றுக்கணக்கானோர் சிரித்திருப்பார்கள். முதல் நாள் ஒன்றிரண்டு பதிவுகள்தான் வந்தன. பொருள் தெரிந்துகொள்வதற்காக ஒவ்வொன்றையும் திறந்து, பின்னூட்டங்களை மேலிருந்து கீழ்வரை படித்தேன். மறுநாள் பத்துக்கு மேல் வந்தன.

அந்தப் பெருக்கத்துக்குக் காரணம் என் குழப்பமே. என் முகத்தில் இருப்பது சிரிப்பா திகைப்பா என்பது ஃபீடுக்குத் தெரியாது. நான் எதைத் திறந்தேன், எவ்வளவு நேரம் நின்றேன் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ட்விட்டர் 2023 மார்ச் 31 அன்று தன் பரிந்துரை நிரலின் ஒரு பகுதியைப் பொதுவில் வெளியிட்டது. அதனோடு வந்த, அந்த ஏப்ரல் மாத நிலவரத்தைக் காட்டும் குறிப்பின்படி, பதிவுகளை வரிசைப்படுத்த மதிப்பெண் போடும்போது, ஒருவர் ஒரு பதிவுக்கு லைக் இடுவார் என்ற கணிப்புக்குக் கொடுக்கப்பட்ட எடை 0.5, உரையாடலைத் திறந்து அங்கே குறைந்தது 2 நிமிடம் இருப்பார் என்ற கணிப்புக்கு எடை 10. அதாவது இருபது மடங்கு. புரிந்து சிரித்தவர் ஒரு லைக் இட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். புரியாதவரோ விளக்கம் தேடி அங்கேயே நிற்கிறார். அந்தக் கணக்கில் இரண்டாமவர்தான் பெரிய ரசிகர். இந்த எண்கள் அந்தத் தளத்துக்கும் அந்தக் காலத்துக்கும் உரியவை என்றாலும், தங்கும் நேரத்தை ஆர்வமாகக் கொள்ளும் வழக்கம் பரிந்துரை ஃபீடுகளில் பரவலாக உள்ளது.

அடுத்து, அளவு ஏன் தவறாகத் தெரிகிறது என்று பார்க்கலாம். ஓர் எடுத்துக்காட்டாக, 3,000 பேர் கொண்ட ஒரு குழு அந்த வாக்கியத்தை வைத்து நாளொன்றுக்கு 60 பதிவுகள் இடுகிறது என்றும், அன்று அந்தத் தளத்தில் மொத்தம் 10 லட்சம் பதிவுகள் வருகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். பதினாறாயிரத்துக்குச் சற்றே கூடுதலான பதிவுகளுக்கு ஒன்றுதான் அந்த நகைச்சுவை. ஆனால் நான் பார்க்கும் நூறு பதிவுகளில் பத்து அதுவாக இருந்தால், பத்தில் ஒருவர் அதையே பேசுவதாக என் மனம் முடிவு செய்துவிடும். ஃபீட் 60 என்ற எண்ணையும் காட்டுவதில்லை, 10 லட்சம் என்ற எண்ணையும் காட்டுவதில்லை. ஒரு பதிவுக்குக் கீழே தெரியும் லைக்குகளும்கூடப் பெரும்பாலும் அந்த 3,000 பேரிடமிருந்தே வந்திருக்கும். எதுவும் புரியாமல் கடந்துபோனவர்களின் எண்ணிக்கை எங்கும் பதிவாவதில்லை.

புரியாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதிக வருத்தம் தருவது அதுதான். நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகள் மட்டும் கால வரிசையில் வந்தால், நகைச்சுவை பிறந்த சம்பவத்தையும் நாம் பார்த்திருப்போம். பரிந்துரை ஃபீட் பெரும்பாலும் புதியதற்கு முன்னுரிமை தருவதால், மூலப் பதிவு பழையதாகிப் பின்தங்கிவிடுகிறது. அதைத் திரித்துத் திரித்து எழுதிய பதினோராவது வடிவம் மட்டும் அந்நியர்களின் கைக்கு வந்து சேர்கிறது. அந்த வடிவத்தை எழுதியவர் தன் நண்பர்களுக்காக எழுதியதால், விளக்கம் எதுவும் வைத்திருக்க மாட்டார்.

நீங்கள் பார்ப்பது ஒரு குழுவின் நகைச்சுவையா என்று கண்டறிய, அதை எழுதுபவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுமார் இருபது பதிவுகளைப் பார்ப்பதற்குள் அதே பெயர்கள் பின்னூட்டங்களிலும் மாறி மாறி வந்தால், அது ஒரு சிறு வட்டம். முற்றிலும் வேறு ஆர்வங்கள் கொண்ட ஒரு நண்பரின் ஃபீடில் அது வருகிறதா என்று கேட்பது இன்னும் தெளிவான சோதனை. நிறுத்த விரும்பினால் திறந்து படிப்பதை விட்டு, "ஆர்வமில்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேற்சொன்ன குறிப்பில் அத்தகைய எதிர்வினைக்கான எடை கழித்தல் 74.

நான் கடைசியில் அந்த வட்டத்தைச் சேர்ந்த ஒருவருக்கே எழுதிக் கேட்டேன். ஒரு விளையாட்டு நேரலையின் நடுவே, ஒருவருடைய தாயார் அறைக்கு வெளியிலிருந்து கேட்ட கேள்வியாம் அது. எனக்குத் தெரியாதது அவருக்கு உண்மையாகவே வியப்பாக இருந்தது. தன் ஃபீட் முழுவதும் அதுவே இருந்ததால், ஊரெல்லாம் அறிந்தது என்று எண்ணித்தான் முன்பின் தெரியாதவர்களின் பதிவுகளிலும் அதை எழுதி வந்ததாகச் சொன்னார்.