தொண்டைல சீழ், முட்டில வீக்கம், 21 நாள் ஊசி: டாக்டரம்மாகிட்ட கேட்டது

கிளினிக்க மூடிட்டு சாப்ட்டு இப்பத்தான் உக்காந்தேன், மணி பத்தாகப் போகுது. 18 வருஷம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில கொழந்தைங்க வார்டு, இப்ப மேலூர் பக்கம் சொந்த கிளினிக். இன்னைக்கு பிள்ளைங்க தொண்டையப் பத்தி மட்டும் கேளுங்க, முடி கொட்டுறதுக்கெல்லாம் எங்கிட்ட மருந்து இல்ல.

திருமங்கலம், ஒரு அம்மா: "7 வயசு பையன், ரெண்டு நாளா தொண்டை வலி காய்ச்சல், இருமலும் மூக்குல தண்ணியும் இருக்கு, ஆன்டிபயாடிக் குடுத்துரவா?"

வேணாம்மா. இருமல், மூக்கொழுகல், கொரல் கம்மிப் போறது, கண்ணு செவக்குறது இதெல்லாம் சேந்து வந்தா அது பெரும்பாலும் வைரஸ், தானா போயிரும், காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். நான் பயப்படுற தொண்டை வேற மாதிரி இருக்கும். காலைல ஸ்கூலுக்கு நல்லா போன பிள்ளை சாயங்காலம் திடீர்னு காய்ச்சலோட வரும், எச்சி முழுங்கவே அழும், இருமலே இருக்காது, வாயத் தெறந்து லைட் அடிச்சுப் பாத்தா டான்சில் ரெண்டும் செவந்து அது மேல வெள்ளையா சீழ் புள்ளி, தாடைக்குக் கீழ நெறி கட்டி தொட்டா வலிக்கும். அஞ்சுல இருந்து பதினஞ்சு வயசுக்குள்ள இப்படி வந்தா ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியாவா இருக்கலாம். அப்பவும் பார்வைய மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, தொண்டைல பஞ்சுக் குச்சி வச்சு எடுத்து டெஸ்ட் பண்ண வசதி இருந்தா பண்ணிக்கிறது நல்லது.

சிம்மக்கல்: "ஜிகர்தண்டா குடிச்சா இந்தக் கிருமி வருமா மேடம்?"

வராது. பக்கத்து பெஞ்சு பிள்ளை இருமுனா, தும்முனா, ஒரே டம்ளர்ல குடிச்சா வரும்.

அலங்காநல்லூர் பக்கம், ஒரு அப்பா: "10 நாள் மருந்து எழுதிக் குடுத்தாங்க, 3வது நாளே காய்ச்சல் போயிருச்சு, பையன் ஓடியாடுறான், மிச்சத்த நிறுத்திக்கலாமா?"

நிறுத்தாதீங்கய்யா. இதுக்குக் கொஞ்சம் பெருசா பதில் சொல்றேன், ஏன்னா உங்க பையன மாதிரியே ஒருத்தன நான் பாத்திருக்கேன்.

9 வயசு, 26 கிலோ. தொண்டைல சீழு, நெறி கட்டி வந்தான். பெனிசிலின் வகைல அமாக்சிசிலின் ஒரு நாளைக்கு 1 கிராம்னு பத்து நாளைக்கு எழுதிக் குடுத்தாங்க. மூணு நாள்ல காய்ச்சல் விட்டுச்சு, வீட்டுல நிறுத்திட்டாங்க, மிச்ச மாத்திரைய தங்கச்சிக்கு சளி பிடிச்சப்ப குடுத்துட்டாங்க. மூணாவது வாரம் வலது முட்டி வீங்கிச்சு. கபடில விழுந்திருப்பான்னு எண்ணெய் தேச்சு கட்டுப் போட்டாச்சு. ரெண்டு நாள்ல முட்டி சரியாப் போச்சு, ஆனா எடது கணுக்கால் வீங்கிச்சு, கால ஊன முடியல, போர்வை பட்டாக்கூட கத்துறான். எங்கயோ ஒரு வலி ஊசி போட்டாங்க, ஒரே நாள்ல வலி மாயமாப் போச்சு, எல்லாரும் நிம்மதி ஆயிட்டாங்க. அந்த நிம்மதிதான் தப்பு. ஒரு மூட்டுல இருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவுற வீக்கம்தான் எங்களுக்குக் கெடைக்கிற முக்கியமான துப்பு, வலி மருந்து அத அழிச்சிரும், டாக்டர் பாக்குறதுக்குள்ள ஒண்ணும் இருக்காது.

ஒரு வாரம் கழிச்சு மூச்சு வாங்குதுன்னு ராத்திரில தூக்கிட்டு வந்தாங்க. தூங்கும்போது கூட நாடித் துடிப்பு 130க்கு ஓடுது. ஸ்டெத் வச்சா லப்டப்புக்கு நடுவுல ஊதுற மாதிரி ஒரு சத்தம், எக்கோங்கிற இதய ஸ்கேன்ல பாத்தா இதயத்துக்குள்ள மைட்ரல் வால்வு சரியா மூடாம ரத்தம் பின்னாடி கசியுது. ருமாட்டிக் காய்ச்சல்.

கிருமி தொண்டைய விட்டு இதயத்துக்குப் போகலங்க, அங்க தேடுனா கெடைக்காது. அந்தக் கிருமியோட தோல் அமைப்பு நம்ம இதயத் தசை, வால்வுல உள்ள புரதம் மாதிரியே இருக்கும், அதை அடிக்கக் கெளம்புன நம்ம எதிர்ப்பு சக்தி ஆள் மாறி வால்வையும் அடிச்சுப்புடுது. அதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுக்குள்ள தொண்டை வலி வந்ததே மறந்து போயிரும். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகாது, சிலருக்குத்தான், ஆனா அந்தச் சிலர் யாருன்னு முன்னாடியே சொல்ல ஒரு டெஸ்டும் இல்ல. தொண்டை வலி ஆரம்பிச்சு 9 நாளைக்குள்ள பெனிசிலின் வகை மருந்த ஆரம்பிச்சாக்கூட பெரும்பாலும் தடுத்துரலாம், அதனால ரெண்டு நாள் லேட்டாயிருச்சேன்னு யாரும் பதற வேணாம், ஆனா ஆரம்பிச்சத முழு பத்து நாளும் முடிக்கணும்.

வாடிப்பட்டி, மெடிக்கல் ஷாப்: "அஞ்சு வருஷமா அசித்ரோ 3 நாள்தான் குடுக்குறோம், எல்லாருக்கும் நல்லா கேக்குது, பத்து நாள் யாரு மேடம் சாப்பிடுவா?"

தம்பி, இந்தத் தொண்டைக் காய்ச்சல் ஒண்ணுமே குடுக்காட்டியும் மூணு அஞ்சு நாள்ல போயிரும். நீங்க மிட்டாய் குடுத்திருந்தாலும் கேட்டிருக்கும். காய்ச்சல எறக்கவா மருந்து குடுக்குறோம், கிருமிய ஒழிக்கத்தான். இந்தக் கிருமி இத்தன வருஷத்துல பெனிசிலினுக்கு எதிர்ப்பு வளத்துக்கவே இல்ல, ஆனா அசித்ரோ வகைக்கு வளத்திருக்கு. பெனிசிலின் ஒத்துக்காத பிள்ளைக்குத்தான் அசித்ரோ, அதுவும் 5 நாள், எடைக்குத் தகுந்த அளவுல. பத்து நாள் முழுங்க மாட்டான்னா பென்சத்தீன் பெனிசிலின் ஒரே ஊசி இருக்கு, 27 கிலோவுக்குக் கீழ 6 லட்சம் யூனிட், மேல 12 லட்சம்.

அதே மெடிக்கல் ஷாப்: "பெனிசிலின் ஊசி போட்டு பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா நீங்க வருவீங்களா? ஊர்ல ஒரு டாக்டரும் அத தொட மாட்டேங்குறாங்க."

தொடாததுக்கு பயம் காரணம்னு ஒத்துக்கிறேன். நானும் ஒரு தடவ பயந்து கை நடுங்குனவதான். அலர்ஜி வரும், ஆனா உயிருக்கு ஆபத்தான அளவுக்கு வர்றது ரொம்ப அபூர்வம். அந்த அலர்ஜிய அடக்குற அட்ரினலின் ஊசி கைக்கெட்டுற தூரத்துல இல்லாத எடத்துல போடக்கூடாது, அவ்வளவுதான். ஒங்க கடை பின்னாடி பெஞ்சுல வச்சுப் போடச் சொல்லல.

உசிலம்பட்டி, ஸ்டாஃப் நர்ஸ்: "மேடம் நான் ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி வராம இருக்க 21 நாளைக்கு ஒரு பெனிசிலின் ஊசிக்கு வர்ற பிள்ளைங்களுக்கு 11 வருஷமா போடுறேன், விழுந்தவங்கள்ல முக்காவாசி பயத்துல வெறும் வயித்துல வந்து மயங்குனவங்கதான், சாப்பிட வச்சு படுக்கப் போட்டு மெதுவா ஏத்துனா ஒண்ணும் ஆகல. ஆனா அலர்ஜி இருக்கான்னு பாக்க மொதல்ல கொஞ்சூண்டு போடுற டெஸ்ட் டோஸ் ஒவ்வொரு தடவையும் போடணும்ல?"

சிஸ்டர், நீங்க வந்ததுல சந்தோஷம். கெட்டி மருந்து, கரைச்ச ஒடனே போடலன்னா ஊசி அடைச்சுக்கும்னு இவங்களுக்கும் சொல்லுங்க. டெஸ்ட் டோஸ் விஷயத்துல நமக்குள்ள ஒத்துப் போகாது. டெஸ்ட்ல ஒண்ணும் ஆகலன்னா முழு ஊசிலயும் ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தமில்ல, அந்த நம்பிக்கையில அட்ரினலின எடுத்து வைக்காம விட்டவங்கள நான் பாத்திருக்கேன். இன்னொண்ணு, வால்வு ரொம்ப மோசமா போன பிள்ளை ஊசி போட்டதும் சாஞ்சா அது அலர்ஜின்னு எழுதிருவாங்க, பல நேரம் அது இதயம் தாங்காததுதான். அந்தப் பிள்ளைங்களுக்கு மாத்திரையா மாத்தலாமான்னு இதய டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

நர்ஸ் மறுபடி: "எங்க ஆஸ்பத்திரி ரூல் டெஸ்ட் டோஸ் போடணும்னு இருக்கு, நான் போடாம விட்டு ஏதாச்சும் ஆனா என் வேலை போயிரும் மேடம்."

அப்ப போடுங்க சிஸ்டர். ஒங்க வேலைக்கு எதிரா நான் சொல்ல மாட்டேன்.

மெடிக்கல் ஷாப் மறுபடி: "பாத்தீங்களா, டாக்டரும் நர்ஸுமே ஒத்துப் போகல, எங்கள மட்டும் கொற சொல்றீங்க."

டெஸ்ட் டோஸ்லதான் ஒத்துப் போகல தம்பி, மூணு நாள் அசித்ரோ தப்புங்கிறதுல ரெண்டு பேரும் ஒண்ணுதான். அடுத்த கேள்வி.

கே.கே.நகர்: "பொண்ணுக்கு ராத்திரில கால் வலி, ரத்த டெஸ்ட்ல ஏ.எஸ்.ஓ 400, மாசா மாசம் பெனிசிலின் ஊசி போடச் சொல்லிட்டாங்க, 21 வயசு வரைக்குமாம்."

மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, மூட்டு வீங்கிச்சா, இல்ல வெறும் வலியா? ராத்திரில கெண்டைக்கால் வலின்னு அழுதுட்டு காலைல குதிச்சு ஓடுனா அது வளர்ற வயசு வலி. ஏ.எஸ்.ஓ அதிகம்னா அந்தக் கிருமி எப்பவோ வந்துட்டுப் போயிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், ஸ்கூலுக்குப் போற நம்ம ஊர்ப் பிள்ளைங்கள்ல பல பேருக்கு அது அதிகமாத்தான் இருக்கும். அந்த ஒரு நம்பர வச்சு வருஷக் கணக்கா ஊசி குத்துறது எனக்குப் பிடிக்காத விஷயம். தானா நிறுத்திராதீங்க. இதய டாக்டர்கிட்ட போயி எக்கோ எடுத்து, நோய் உண்மையிலேயே இருந்துச்சான்னு கேட்டு, அப்புறம் முடிவு பண்ணுங்க.

ஒத்தக்கடை: "ஏ.எஸ்.ஓ 350, கால் வலி, என்ன பண்ண?"

மேல கே.கே.நகருக்குச் சொன்னதப் படிங்க.

பெயர் போடல: "ஏ.எஸ்.ஓ கொறைய என்ன சாப்பிடணும்?"

ஒண்ணும் சாப்பிட வேணாம், அது கொறைய வேண்டிய நம்பரே இல்ல. இன்னைக்கு ஏ.எஸ்.ஓ கேள்வி இதோட முடிஞ்சது.

செல்லூர், 52 வயசு: "எனக்கு போன வருஷம் ஸ்டென்ட் வச்சாங்க, எனக்கும் தொண்டை வலி வந்தா வால்வு போயிருமா?"

உங்களுக்கு அடைச்சது ரத்தக் குழாய்ண்ணே, வால்வு இல்ல. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. ஒங்க இதய டாக்டரையே கேளுங்க.

மேலூர்: "தங்கச்சி 6 மாசம் கர்ப்பம், படி ஏறுனா மூச்சு வாங்குது, படுத்தா இருமல் வருது, சின்ன வயசுல முட்டி வீங்கி ஒரு மாசம் ஸ்கூல் போகல. சும்மா கேக்குறேன்."

சும்மா கேக்குற விஷயம் இல்லம்மா இது. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, அந்த முட்டி வீக்கத்த டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, எக்கோ கேளுங்க. மைட்ரல் வால்வு சுருங்கி இருக்கறது கர்ப்பத்துல ரத்தம் கூடும்போதுதான் பல பொண்ணுங்களுக்கு மொத மொதல்ல வெளில தெரியும். படுத்தா மூச்சு விடவே முடியலன்னா நாளைக்கு வரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே போங்க.

ஆரப்பாளையம்: "ஐஸ்கிரீம் குடுக்கலாமா? ஜிகர்தண்டா?"

கடவுளே.

தல்லாகுளம், ஒரு அப்பத்தா சார்பா பேரன்: "என் தம்பிக்கு வால்வு கசிவு, 21 நாளைக்கு ஒரு ஊசி. அடுத்தது சரியா அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு வருது. மூணு நாள் தள்ளிப் போட்டா பரவாயில்லையான்னு அப்பத்தா கேக்க சொன்னாங்க."

தள்ளிப் போட வேணாம்னு சொல்லுய்யா. ரத்தத்துல மருந்து மூணாவது வாரக் கடைசில கொறைஞ்சிரும், அந்த எடவெளில அந்தக் கிருமி தொண்டைல ஒக்காந்தா வால்வு இன்னும் கெட்டுப் போகலாம். முன்னாடி போட்டா ஒண்ணும் தப்பில்ல. மூணு நாளைக்கு முன்னாடியே போயி போட்டுட்டு வந்துருங்க, அன்னைக்கே போட்டா இடுப்பு கடுத்துக்கிட்டு அந்தக் கூட்டத்துல நடக்க மாட்டான், அப்பத்தாதான் தூக்கணும்.