தேர்வை நிறுத்தினால் சான்றிதழ் செத்துவிடுமா?

வாளையாறு இளைஞர்: அண்ணா, 2024 ஜூன் 14-ல் 220-1101-ஓடு 220-1102 தாளையும் தேறி, காம்ப்டியா நிறுவனம் தரும் கணினிப் பராமரிப்புச் சான்றிதழான ஏ பிளஸ் வாங்கினேன். அந்தத் தேர்வையே 2025 செப்டம்பர் 25-ல் நிறுத்திவிட்டார்களே, சான்றிதழும் போய்விட்டதா?

போகவில்லை, தம்பி. அந்தத் தாள்களை இனி யாரும் எழுத முடியாது, அவ்வளவுதான். உங்கள் சான்றிதழுக்கு ஆயுள், தேறிய நாளிலிருந்து மூன்று ஆண்டு. 2027 ஜூன் 14 வரை செல்லும். காம்ப்டியா தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்தால் காலாவதித் தேதி அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். அதற்குள் புதுப்பித்துவிட்டால் அங்கிருந்து இன்னும் மூன்று ஆண்டு, அதாவது 2030 ஜூன் 14. தேதி தவறினால்தான் புதிய 220-1201, 220-1202 இரண்டையும் முதலிலிருந்து எழுத வேண்டிவரும்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை: புதுப்பிக்கப் புதிய பதிப்புத் தேர்வை எழுதியே ஆக வேண்டும் என்கிறார்களே, சார்?

பாதி உண்மை. அது ஒரு வழி. இன்னொரு வழியில் மூன்று ஆண்டுக்குள் 20 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்து, ஆண்டுக்கு 25 டாலர் வீதம் கட்டலாம். காம்ப்டியாவின் அடுத்த நிலைச் சான்றிதழான நெட்வொர்க் பிளஸ் தேறினாலும் கீழே இருக்கும் ஏ பிளஸ் தானாகப் புதுப்பிக்கப்படும். நான் அதைத்தான் செய்தேன். எனக்கும் ஒரு பயிற்சி நிலையம் "பழையது செல்லாது" என்று சொல்லி புதிய தேர்வுக்கான கட்டண ரசீதை நீட்டியது. என் காலாவதித் தேதியைக் காட்டியதும் ரசீது மேசைக்குள் போய்விட்டது.

சித்தூர் மாணவர்: நான் ஜூலையில் 220-1101 தேறினேன். ஓணம் கழியட்டும் என்று 1102-ஐத் தள்ளிவிட்டேன். இப்போது 1202 மட்டும் எழுதினால் போதுமா?

போதாது. இரண்டு தாளும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். 1101-ஐ 1202-ஓடு சேர்க்க மாட்டார்கள். பதிப்பு மாறும்போது உண்மையில் நஷ்டப்படுவது உங்களைப் போல் ஒரு காலை வாசலில் வைத்தவர்கள்தான். முழுச் சான்றிதழ் கையில் இருந்தால் தொட மாட்டார்கள். ஒற்றைத் தாள் சான்றிதழ் ஆகாது. 1201, 1202 இரண்டையும் எழுதுங்கள்.

வேலந்தாவளம் பெரியவர்: நான் 2009-ல் வாங்கியது. மூன்று ஆண்டு என்கிறீர்கள், நான் ஒருமுறைகூடப் புதுப்பிக்கவில்லையே?

உங்களுக்கு அந்தக் கேள்வியே இல்லை, ஐயா. 2011 ஜனவரி 1-க்கு முன் பெற்ற ஏ பிளஸ் ஆயுளுக்கும் செல்லும். மூன்று ஆண்டு விதி அதற்குப் பின் வாங்கியவர்களுக்கு.

வாளையாறு இளைஞர்: சரி அண்ணா, ஆனால் கோவையில் ஒரு நிறுவனம் 1201 எழுதியவர்தான் வேண்டும் என்கிறதே?

சான்றிதழின் பெயர் ஏ பிளஸ்தான். செல்லுமா என்பதைக் காம்ப்டியா சொல்லும், வேலை தருவார்களா என்பதை அந்த நிறுவனம் சொல்லும். இந்த இடத்தில் நான் வாதாட மாட்டேன். காலாவதித் தேதியை அச்செடுத்து நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள். அதற்கும் தலையாட்டவில்லை என்றால், 2027 வரை காத்திருப்பதா, இப்போதே எழுதுவதா என்பது உங்கள் பணப்பைக்கும் அந்த வேலைக்கும் உள்ள விவகாரம்.