10 சதவீதமா, 40 சதவீதமா?

கேள்வி: பெங்களூரு இந்திரா நகரில் எங்கள் கட்டடத்தின் ஒரு மாடியை ஒரு கம்பெனிக்கு ஓராண்டு வாடகைக்கு விடலாம் என்கிறார் புரோக்கர். இப்போது 20 லட்சம் செலவழித்து அவர்களுக்கேற்ப உள்வேலை செய்ய வேண்டும். ஓராண்டு கழித்து அவர்கள் குடிவரும்போது வாடகை 19.2 லட்சமும் அட்வான்ஸ் 30.8 லட்சமும் மொத்தமாகத் தருவார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். ஐ.ஆர்.ஆர். 40% என்று புரோக்கர் எக்செலில் காட்டினார். நான் போட்டால் 10% வருகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரியான விடைகள்தான். அதனாலேயே இரண்டையும் நம்பி முடிவெடுக்க முடியாது.

முதலில் வட்டியை மறந்துவிட்டு வெறும் கூட்டல் போடுங்கள். கைக்கு வருவது 50 லட்சம், கையை விட்டுப் போவது 50.8 லட்சம். நேராகப் பார்த்தால் 80,000 ரூபாய் நஷ்டம். இந்த ஒப்பந்தத்துக்குத்தான் புரோக்கர் 40% என்று காட்டியிருக்கிறார்.

ஐ.ஆர்.ஆர். என்பது, வரவையும் செலவையும் இன்றைய மதிப்புக்கு மாற்றினால் லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் பூஜ்யம் வரும் வட்டி வீதம். முதலில் மட்டும் செலவு, பிறகெல்லாம் வரவு என்றால் அப்படி ஒரு வீதம்தான் கிடைக்கும். உங்கள் கணக்கில் செலவு, வரவு, மறுபடியும் செலவு என்று குறி இரண்டு முறை மாறுகிறது. வட்டி வீதம் குறைவாக இருந்தால் கடைசியில் திருப்பித் தரும் 30.8 லட்சம் கனமாக இருக்கும். கணக்கு நஷ்டம் காட்டும். வீதத்தை ஏற்றினால், இரண்டு ஆண்டு தள்ளி இருக்கும் அந்தத் தொகை வேகமாக இளைக்கும். 10%-ல் பூஜ்யத்தைத் தாண்டி லாபமாகும். இன்னும் ஏற்றினால் நடுவில் வரும் 50 லட்சமும் இளைத்து, இன்று போடும் 20 லட்சத்துக்கு ஈடாகாமல் போகும். 40%-ல் மறுபடி பூஜ்யம். இடையில் லாபம் உச்சம் தொடும்போதுகூட இன்றைய மதிப்பில் சுமார் 29,000 ரூபாய்தான்.

புரோக்கர் எப்படி 40 கொண்டுவந்தார் என்று பாருங்கள். A1 முதல் A3 வரை -20, 50, -30.8 என்று போட்டு:

```
=IRR(A1:A3)
=IRR(A1:A3,0.4)
```

முதல் வரி 10% தரும். இரண்டாவதில் உள்ள 0.4, தேடலை எங்கே தொடங்குவது என்று எக்செலுக்கு நாம் சொல்லும் ஊகம். ஊகம் எதற்குப் பக்கமோ பெரும்பாலும் அந்த விடையோடு அது நின்றுவிடும். இன்னொன்று இருக்கிறது என்று எச்சரிக்காது. கமிஷன் வாங்குபவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அச்சடித்த தாளை வாங்காதீர்கள், எக்செல் ஃபைலைக் கேளுங்கள். அந்தக் கட்டத்தைச் சொடுக்கி, காற்புள்ளிக்குப் பின்னால் ஏதாவது எண் இருக்கிறதா என்று பாருங்கள். சூத்திரமே இல்லாமல் 40% என்ற எண்ணை நேரடியாகத் தட்டியிருந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டுவிட்டு நல்ல திட்டத்தையும் தூக்கி எறிபவர்கள் உண்டு. குறி இரண்டு முறை மாறினாலே இரண்டு விடை வந்துவிடும் என்பதில்லை. கடைசியில் நீங்கள் தர வேண்டியது 20 லட்சம் மட்டும் என்று வையுங்கள். அப்போதும் குறி இரண்டு முறை மாறும், ஆனால் பூஜ்யத்துக்கு மேல் 100% என்ற ஒரே விடைதான். சோதிக்க எளிய வழி, ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டே போவது. அந்தக் கணக்கில் -20, +30, +10 என்று வரும். கூட்டுத்தொகையின் குறி ஒரே முறை மாறுவதால் பயமில்லை. உங்கள் கணக்கில் -20, +30, -0.8. அது இரண்டு முறை மாறுகிறது. இப்படி வந்தால் ஐ.ஆர்.ஆரை ஓரமாக வைத்துவிட வேண்டும்.

சரி, எதைப் பார்ப்பது? உங்கள் பணம் வேறு எங்கே, எவ்வளவு வட்டி உறுதியாகச் சம்பாதிக்கும் என்பதைப் பாருங்கள். 8% என்று வைப்போம். 20 லட்சத்தை அங்கேயே போட்டால் இரண்டு ஆண்டில் 23,32,800. இந்த ஒப்பந்தத்தில் 50 லட்சத்தை ஓராண்டு 8%-ல் வைத்தால் 54 லட்சம். அட்வான்ஸைத் திருப்பித் தந்த பிறகு மிஞ்சுவது 23,20,000. சும்மா இருந்திருந்தால் 12,800 ரூபாய் கூடுதலாக இருந்திருக்கும். அந்த 50 லட்சத்தை 20%-ல் சுழற்றத் தெரிந்தவருக்கு மட்டும் கணக்கு மாறும்: அவருக்கு 29.2 லட்சம் மிஞ்சும், 20 லட்சத்தைத் தன் தொழிலிலேயே விட்டிருந்தால் 28.8 லட்சம். அதாவது இதில் லாபம் வாடகையில் இல்லை. அடுத்தவர் அட்வான்ஸை ஓராண்டு நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையிலும் ஐ.ஆர்.ஆருக்கு ஒரே ஒரு கட்டத்தை வைத்துவிட்டு, எந்த ஊகத்தில் வந்தது என்று கேட்காமல் முத்திரை குத்துகிறார்கள். இது எனக்குப் புரியவே இல்லை. நீங்கள் கீழே இதையும் சேர்த்துக் கொடுங்கள்:

```
=NPV(0.08,A2:A3)+A1
```

A1-ஐ அடைப்புக்குறிக்குள் சேர்க்காதீர்கள். சேர்த்தால் இன்றைய செலவையும் ஓராண்டு தள்ளிவிடும். விடை -0.11, அதாவது இன்றைய மதிப்பில் சுமார் 11,000 ரூபாய் நஷ்டம். புரோக்கரிடம் அட்வான்ஸைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், வாடகையைக் கூட்டச் சொல்லுங்கள். 8%-ல் உங்களுக்குக் கட்டுப்படியாக வேண்டுமானால் அது குறைந்தது இன்னும் 12,000 ரூபாயாவது ஏற வேண்டும்.