பக்கத்துத் தோட்டத்தார் ஆயிரம் அடி போனால் நானும் போக வேண்டுமா?

கேள்வி: பல்லடம் பக்கம் எனக்கு ஐந்து ஏக்கர் தோட்டம், மூன்று ஏக்கரில் தென்னை. எங்களையும் சேர்த்து வரப்பை ஒட்டி நாலு குடும்பம், மொத்தம் இருபது ஏக்கர், பன்னிரண்டு ஏக்கர் தென்னை. என் போர் 650 அடி. போன வருடம் பக்கத்துத் தோட்டத்தார் ஆயிரம் அடி ஓட்டிய பிறகு எனக்குத் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. புரோக்கர் 1,200 அடி போகச் சொல்கிறார். இப்படியே போனால் நாலு பேருக்கும் இல்லாமல் போகும் என்று எல்லோருக்கும் தெரிகிறது, ஆனால் யாரும் நிறுத்துவதில்லை. நான் என்னதான் செய்யட்டுங்க?

பதில்: இப்போதைக்கு 1,200 அடி போக வேண்டாம். அதற்கு முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால் ஓட்டும் நாளையாவது தள்ளிப் போடுங்கள்.

நம் பகுதியின் அடித்தளம் கடினப் பாறை. மேலே உள்ள உதிர்ந்த பாறையிலும், அதற்குக் கீழே ஆங்காங்கே ஓடும் வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர் நிற்கும். கீழே போகப் போக வெடிப்புகள் குறைந்துகொண்டே வரும். ஆயிரம் அடியில் கிடைப்பது பெரும்பாலும் பல காலமாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பழைய நீர்; ஒரு முறை இறைத்துவிட்டால் அடுத்த ஐப்பசி மழையில் அது நிரம்பிவிடாது.

ஆண்டு மழையை 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரில் விழுவது ஏறத்தாழ 24 லட்சம் லிட்டர். நம் பாறை நிலத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கினாலே அதிகம். தாராளமாக வைத்தாலும் 2.4 லட்சம் லிட்டர்தான். சொட்டு நீரில் ஒரு தென்னைக்குச் சராசரியாக நாளுக்கு 55 லிட்டர் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 லிட்டர். ஏக்கருக்கு 70 மரம் என்றால் 14 லட்சம் லிட்டர். அதாவது ஓர் ஏக்கர் தென்னை ஆறு ஏக்கர் நிலத்தின் ஊறலைக் குடிக்கிறது. உங்கள் நால்வரின் இருபது ஏக்கர் ஊறல் மூன்றரை ஏக்கர் தென்னைக்குக்கூடப் போதாது. நீங்கள் வைத்திருப்பதோ பன்னிரண்டு ஏக்கர். நேராகப் பெய்யும் மழையும் பக்கத்துக் குட்டைகளின் கசிவும் கொஞ்சம் ஈடுகட்டினாலும், மிச்சம் முழுவதும் பழைய இருப்பிலிருந்துதான் போகிறது.

தெரிந்தும் ஏன் ஒருவரும் நிறுத்துவதில்லை என்பதற்குப் பேராசை ஒன்றே காரணம் அன்று. இன்று நீங்கள் இரண்டு மணி நேரம் மோட்டாரை நிறுத்தினால் மிச்சமாகும் நீர் உங்கள் போரிலேயே காத்திருக்காது. அதே வெடிப்பின் வழியாக மற்ற மூன்று மோட்டார்களுக்கும் போய்ச் சேரும். நிறுத்தினால் இழப்பு முழுவதும் உங்களுக்கு, நன்மையில் நான்கில் ஒரு பங்குதான் உங்களுக்கு. இறைத்தாலோ நன்மை முழுவதும் உங்களுக்கு, மட்டம் இறங்கும் நட்டம் நால்வர் தலையிலும். நால்வரும் தனித்தனியே இப்படிச் சரியாகக் கணக்குப் போட்டே நான்கு தோப்புகளையும் காய வைக்கிறீர்கள். கேரட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1968இல் மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்காட்டாக வைத்து இதைப் 'பொதுவளத்தின் துயரம்' என்று விளக்கினார்.

இதற்கு அணை போட வேண்டிய சட்டம் எரிச்சலூட்டும் நிலையில் இருக்கிறது. நிலத்துக்குக் கீழே உள்ள நீரை அந்த நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்பது 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டக் காலத்துக் கருத்து. பாறை வெடிப்புக்கு வரப்பு தெரியாது என்பதை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. தமிழ்நாடு 2003இல் தனியாக இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவதற்கு முன்பே 2013இல் நீக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழவு மின்சாரம் இலவசம்; அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் கூடுதலாக ஒரு மணி நேரம் இறைப்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை என்றால் கை தானாக மோட்டாரை நிறுத்தாது. அரசு வந்து சரிசெய்யும் என்று காத்திருந்தால் தோப்பு காத்திருக்காது.

புரோக்கர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அவருக்குக் கமிஷன் பெரும்பாலும் அடிக்கணக்கில் வருகிறது. தண்ணீர் வந்தாலும் புகைதான் வந்தாலும் அவர் பணம் அவருக்கு வந்துவிடும். உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நிற்பதைக் காட்டிவிட்டு, 650 அடியில் நிறுத்தாமல் "இன்னும் நூறு அடிதானுங்க" என்று அவர் சொல்வதற்குக் காரணம் இதுவே. ரிக் வண்டி தோட்டத்துக்குள் வந்து நின்ற பிறகு நிறுத்தச் சொல்லும் மனத்திடம் அனுபவசாலிகளுக்கே இருப்பதில்லை. உங்களுக்கு 1,200 அடி சொன்ன அதே வாய், அடுத்த கோடையில் பக்கத்துத் தோட்டத்தாரிடம் 1,400 அடி சொல்லும். நாலு குடும்பமும் ஒன்றோடொன்று பேசாமல் இருப்பதே இந்தத் தொழிலின் முதலீடு.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பொறுமையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். உங்கள் வெடிப்பும் பக்கத்துத் தோட்டத்தாரின் வெடிப்பும் வேறு வேறாக இருக்கலாம். நடுவில் வேறு பாறைச்சுவர் ஒன்று ஓடினால் ஐம்பது அடி தள்ளியிருக்கும் போர்களுக்குள்ளும் தொடர்பு இருக்காது. அப்படியானால் உங்கள் குறைவுக்குக் காரணம் அவரல்ல, உங்கள் ஊற்றே வற்றுகிறது; நால்வரும் கூடி இறைப்பைக் குறைக்க ஒப்பந்தம் போட்டாலும் பயன் தராது. இதை அறிய ஒரு சனிக்கிழமை மாலை நால்வரும் மோட்டாரை நிறுத்துங்கள். ஞாயிறு காலை உங்களுடையதை மட்டும் ஓட்டி, தண்ணீர் விட்டு விட்டு வரத் தொடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் அதேபோல் இரவு முழுவதும் நிறுத்திவிட்டு, காலையில் பக்கத்துத் தோட்டத்தார் மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகு உங்களுடையதைப் போடுங்கள். முதல் வாரம் தொண்ணூறு நிமிடம் வந்தது இப்போது நாற்பதாகக் குறைந்தால் இருவரும் ஒரே பாத்திரத்தில் உண்கிறீர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தொடர்பில்லை என்று கொள்ளலாம். ஆனாலும் ஒரு சோதனையை நம்பாமல் மூன்று முறை செய்யுங்கள், இடையில் மழை பெய்திருந்தால் முதலிலிருந்து தொடங்குங்கள். மூன்று முறையும் தொடர்பில்லை என்றால் மட்டுமே ஆழம் போவதைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் தேங்காயை நம்பாமல், நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பாறையின் மின்தடையை அளக்கும் ஆய்வு செய்து பார்த்த பிறகு.

தொடர்பு இருந்தால் பேசத்தான் வேண்டும். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் தம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியின் நிலத்தடி நீர்ப் போட்டியைத்தான். பொதுவளங்களை மக்கள் எப்படிக் காக்கிறார்கள் என்ற ஆய்வுக்காக 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அங்கே இறைப்பைக் குறைக்கும் ஒப்பந்தத்தில், உரிமையில் 80 விழுக்காடு வைத்திருப்பவர்கள் கையெழுத்திடும் வரை அது யாரையும் கட்டுப்படுத்தாது என்று எழுதியிருந்தார்கள். முதலில் ஒப்புக்கொள்பவர் ஏமாளியாக மாட்டார் என்பதே அதன் சூட்சுமம். நீங்களும் முத்திரைத்தாளில் "நால்வரும் கையெழுத்திட்ட நாளிலிருந்து" என்று தொடங்குங்கள்.

நேரத்தை மட்டும் எழுதி ஏமாறாதீர்கள். மணிக்கணக்கு வைத்தால் ஒருவர் குதிரைத்திறன் கூட்டிய மோட்டாரை இறக்குவார், இன்னொருவர் தொட்டி கட்டி நிரப்புவார். நள்ளிரவில் யார் போய்ப் பார்ப்பது? மரத்தை எழுதுங்கள். மரத்தை வரப்பில் நின்றே எண்ணலாம், ஒளிக்க முடியாது. புது நடவு இல்லை, காய்ப்பு ஓய்ந்த கிழட்டு மரங்களை நால்வரும் சம எண்ணிக்கையில் எடுப்பது, ஆழப்படுத்துவதானால் நால்வர் சம்மதத்தோடு மட்டும் என்பவை முதலில் வரட்டும். மோட்டார் முறை அதற்குப் பிறகு. பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்த பழக்கம் உங்கள் ஐயன் காலத்திலேயே உண்டு, யாருக்கும் புதிதாகக் கற்றுத் தர வேண்டியதில்லை. மீறுபவருக்கு முதல் தடவை ஒரு முறைத் தண்ணீர் போகட்டும், மறுபடி மீறினால் ஒரு வாரம். எடுத்த எடுப்பில் பெரிய தண்டனை எழுதினால் அதை யாரும் நிறைவேற்ற மாட்டார்கள்.

சோதனையைப் பங்குனியிலோ சித்திரையிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்குப் பின் செய்தால் மேல் ஊற்றும் சேர்ந்து எல்லாப் போரிலும் தண்ணீர் நிற்கும், தொடர்பு இருந்தும் இல்லாததுபோலக் காட்டும். அந்த நேரம் பார்த்துத்தான் புரோக்கரும் "உங்க ஊற்று தனிங்க" என்று வருவார்.